ஆறு சென்டில் ஒரு கிரவுண்டு போக

வீட்டுமனை தேடிய அந்த வருஷம் எங்களுக்கு வாய்த்தவர்கள் ஆளுக்கு ஓர் அளவில் பேசினார்கள். கீரமங்கலத்தில் மனை விற்றவர் சென்டில் பேசினார். கந்தர்வக்கோட்டைத் தரகர் பட்டணத்துப் பழக்கத்தில் கிரவுண்டில் பேசினார். சென்னையில் இருக்கும் என் தம்பியோ, போனில் எதைச் சொன்னாலும், "அக்கா, சதுர அடியில சொல்லு, இல்லாட்டி விடு" என்பான். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். சென்டுக்கு 435.6, கிரவுண்டுக்கு 2400 என்று பால்காரர் கொடுத்த காலண்டரின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டு, எவன் எந்த அளவில் வந்தாலும் சதுர அடிக்கு இழுத்துக்கொண்டு வந்துதான் மறுவார்த்தை பேசினேன்.

எனக்கு மனை வேண்டியிருந்ததற்குக் காரணம் வாடகைத் தொல்லை மட்டுமல்ல. எங்களுக்கு ஒரு பெண் பிறந்து ஒரு பகல் இருந்தாள். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோவில் கல்லறையில் இடமில்லை என்பது ஆவூர்ப் பக்கத்துப் பெரியவர்களின் பழைய நினைப்பு. பங்குச் சாமியாரைக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். மாமனார் கேட்கவில்லை, தன் கொல்லையின் வரப்போரத்தில் வைத்துவிட்டார். பிறகு ஒரு கஷ்டத்தில் அந்தக் கொல்லையையே முழுசாக விற்றார். இன்று அது வரிசை வரிசையாய் வீடு. என் பிள்ளை யார் வீட்டு அடுப்படிக்குக் கீழே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் காலடியிலிருந்து யாரும் உருவிக்கொண்டு போய் விற்க முடியாத ஓர் இடம் வேண்டும் என்ற வெறி எனக்கு அதிலிருந்து வந்தது.

கீரமங்கலத்து மனை ஐந்தரை சென்ட். அதாவது 2395.8 சதுர அடி. கந்தர்வக்கோட்டைத் தரகர் காட்டியது ஒரு கிரவுண்டு, 2400. வித்தியாசம் நாலு சதுர அடி சொச்சம், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற இடம். "ரெண்டும் ஒண்ணுதான், பள்ளிக்கூடத்துக்குப் பக்கமா இருக்கறத எடுப்போம்" என்றார் என் கணவர். எனக்கும் சம்மதம்தான். கந்தர்வக்கோட்டை மனையின் மூலப் பத்திர ஜெராக்ஸ் வரும்வரை.

அதில் ஆறு சென்ட் என்று இருந்தது. ஆறு சென்ட் என்றால் 2613.6. விற்பது 2400. மிச்சம் 213.6 சதுர அடி எங்கே போயிற்று?

"ஆறு சென்டுன்னா ஒரு கிரவுண்டுதான டீச்சர், கூடக் கொறைய இருக்கும்" என்றார் தரகர்.

"அரை சென்டு பாதைக்கு விட்ருப்பாங்க" என்றார் என் கணவர். எங்கள் பக்கம் அப்படித்தான், அரை சென்ட் குறைந்தால் பாதைக்குப் போயிற்று என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் இந்த மனை பஞ்சாயத்து ரோட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. யாருக்குப் பாதை? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே டேப் பிடித்து அளந்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் நாங்கள் இருவரும் தரகருடன் போனோம். முந்திரித் தோப்பை ஒட்டிய மனை. முழங்கால் உயரத்துக்குக் கோரை, அதற்கு மேல் முந்திரிச் சருகு. அகலத்தை அளந்தோம், சரியாக நாற்பதடி. பிறகு தரகர் ரோட்டோரத்தில் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறு முனையோடு உள்ளே நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் சருகு நொறுங்கியது.

"அறுபது! போதும் டீச்சர், அங்கயே நில்லுங்க!" என்று கத்தினார்.

நான் நிற்கவில்லை. இன்னும் ஓரடி வைத்தேன். சத்தம் நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தேன். மனையின் கடைசியில், அகலம் முழுவதும், ஒரு பட்டைத் தரை. ஒரு சருகு இல்லை, ஒரு புல் இல்லை. தலைக்கு மேலே முந்திரிக் கிளை கவிந்து கிடக்கிறது. இலை உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. உதிர்ந்தவை எனக்குப் பின்னால் விழுந்தன. தோப்பில் மேய்ந்த ஆடுகள் அந்த ஓரம்வரை வந்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு போயின. அந்த வெயிலிலும் என் உள்ளங்கால் ஜில்லிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் கால் பின்வாங்கவில்லை. பட்டையின் மறுகரையில் பழைய எல்லைக்கல் தெரிந்தது. டேப்பை அதுவரை இழுத்தேன். அறுபத்தைந்து அடி நாலு அங்குலம். நாற்பதால் பெருக்கினால் ஆறு சென்ட், அரை சதுர அடிகூடப் பிசகாமல். அப்படியானால் நான் நின்றது அந்த 213.6 சதுர அடிக்குள்.

"செருப்பக் கழட்டிருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நிலத்துக்காரம்மா. அறுபதைத் தொடுகிற வயது, கையில் விளக்கமாறு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை, சருகு நொறுங்கின சத்தமே கேட்கவில்லை.

கழற்றினேன். "இங்கிட்டு யாரு இருக்கா?" என்றேன். என் வாயிலிருந்து ஏன் அப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"எம்புள்ள. பேரு வைக்கக்கூட இல்ல. தெரிஞ்சா எடம் வெல போவாதுன்னு தரகருதான் ஒரு கிரவுண்டுன்னு சொல்லச் சொன்னாரு. அந்த அஞ்சடிய நான் விக்கல டீச்சரம்மா." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கும் எங்கிட்டோ இருக்கோ?"

பொங்கிக்கொண்டு வந்தது. அழுதேன். என் மாமனார் ஒரு சதுர அடிகூட விடாமல் விற்றார். இந்த அம்மா ஐந்தடியை ஒதுக்கி வைத்துவிட்டு விற்கிறார்.

அவருடைய மகள் திருப்பூருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டால், நாலு பக்கமும் அடுத்தவர் நிலம் சூழ்ந்த அந்தத் துண்டுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் யாராவது வேலியைத் தள்ளிப் போட்டு அதன்மேல் கழிவுத்தொட்டி கட்டுவார்கள்.

"ஆறு சென்டும் எழுதிக் குடுங்க. வீடு அறுபதடிக்குள்ள முடிஞ்சிரும். மிச்சத்துல கடப்பாறை விழாது" என்றேன். என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எப்போதோ செருப்பைக் கழற்றியிருந்தார்.

2613.6 சதுர அடி என்று தசமப் புள்ளியோடு பத்திரத்தில் எழுதச் சொன்னேன். முழு இடத்துக்கும் ஒரே விலை. "கட்ட முடியாத எடத்துக்கு எதுக்குக்கா காசு?" என்று தம்பி கத்தினான். கத்தட்டும். அந்த அம்மா திருப்பூர் போகும்போது விளக்கமாற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அந்த மனையில் குடியிருக்கிறோம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அந்தப் பட்டைத் தரை தெரியும். குடிவந்த மறுநாள் காலையில் விளக்கமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். தரை சுத்தமாக இருந்தது, கூட்டின தடம் வளைவு வளைவாகக் கிடந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். இன்றுவரை அப்படித்தான்.

நான்தான் கூட்டுகிறேன் என்று என் கணவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர்தான் கூட்டுகிறார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. போன வாரம் கிட்டப் போய்ப் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு வரிசைத் தடம்தான் இருக்கும். இப்போது அதன் பக்கத்தில், துணைக்கு ஒரு பிள்ளை வந்து சேர்ந்த மாதிரி, இன்னொரு வரிசை, சின்னதாக.