பம்பரில் ஒட்டிய குங்குமம்

என் மனைவி திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இருபது வருஷம் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தவள், போன வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லத் தெரியும்.

அன்று நான் பக்கத்தில் இல்லை. திண்டிவனம் சர்வீஸ் ரோட்டில் ஒரு நாய் குறுக்கே வர, இடதுபக்கம் ஒடித்தவள் புளியமரத்தில் மோதிவிட்டாள். நாய் பிழைத்தது. மரத்துக்கு ஒன்றுமில்லை. இவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை. பம்பர், இடது ஹெட்லைட், பானெட் மூன்றும் போயின.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எதிர் டீக்கடைக்கார அம்மா ஒரு பூசணிக்காயில் குங்குமத்தை ரொப்பி, காரைச் சுற்றி, முன்னாலேயே போட்டு உடைத்திருந்தார். மிச்சக் குங்குமத்தைப் பம்பருக்கும் பூசியிருந்தார்.

"திஷ்டி கழிச்சாச்சு சார். டீச்சரம்மா பயந்துக்கினு நின்னாங்க, அதான் ஜல்தியா முடிச்சிட்டேன்" என்றார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். டீக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் பாலிசி என் பெயரில். டோல்ஃப்ரீ நம்பரில் பேசியவர், வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து மெயிலில் அனுப்பச் சொன்னார். எடுத்தேன். மோதிய உடனே அவளும் ஒன்று எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அது சாய்ந்திருந்தது, பாதி வானம். அதைச் சேர்க்கவில்லை. எனக்கென்று ஒரு ரசனை உண்டு.

ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் போட்டதும் க்ளெய்ம் மெயிலை எழுதினேன். பாலிசி நம்பர், வண்டி நம்பர், கேட்கும் தொகை நாற்பத்தோராயிரத்து அறுநூறு. அத்தோடு நாயின் மனநிலை, மாலை வெயில், மரத்தின் வயது. மொத்தம் மூன்று பக்கம். யாருக்காவது காயம் உண்டா என்பதை மட்டும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. மூன்றாவது புகைப்படத்தில் பம்பரிலும் சாலையிலும் சிவப்புக் கறை தெரிகிறது. யாருக்கேனும் காயமா? ஆம் எனில் எஃப்.ஐ.ஆர். நகல் தேவை. விளக்கம் வரும்வரை க்ளெய்ம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

அடுத்து, வண்டியைப் பார்த்துவிட்டு வந்த சர்வேயர் போன் செய்தார். ஒர்க்‌ஷாப்காரர் அதற்குள் வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தாராம்.

"சார், போட்டோல ரத்தம். நேர்ல கழுவின வண்டி. நான் ரிப்போர்ட்ல இன்னான்னு எழுதறது?"

"அது குங்குமங்க. பூசணிக்காய்."

"எனக்குப் புரியுது சார். எங்க வீட்லயும் உடைப்பாங்க. ஆபீஸ்ல மெயில் பாக்கிறவருக்குப் புரியணுமே. ஓட்டினவங்க கைப்பட எழுதி அனுப்பச் சொல்லுங்க. வேற போட்டோ இருந்தா இன்னும் நல்லது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் சுருங்கிவிட்டது.

"என்னங்க, போலீஸ் கேஸ் ஆயிடுமா? பேசாம கைக்காசைப் போட்டு ரெடி பண்ணி வித்துடுங்க. நான் பஸ்லயே போய்க்கிறேன்."

பஸ்ஸில் போகிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி, புருஷன் தொணதொணப்பையும் தாண்டிக் கற்றுக்கொண்ட ஒரே விஷயத்தை என் மூன்று பக்கம் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது.

"நீயே எழுது" என்றேன்.

"நீங்கதான் எழுதறவரு."

"அதனாலதான் சொல்றேன்."

கணக்குக்கு விடை எழுதுவதைப் போலவே எழுதினாள். வண்டியை ஓட்டியது நான். நாய் வந்தது, திருப்பினேன், மரத்தில் மோதினேன். மனிதருக்கோ விலங்குக்கோ காயம் இல்லை. சிவப்பு நிறம் விபத்துக்குப் பின் உடைத்த திருஷ்டிப் பூசணியின் குங்குமம். அதற்கு முன் எடுத்த படம் இணைப்பில். லைசென்ஸ் நகலும் இணைப்பில்.

பாதி வானத்துக்குக் கீழே நசுங்கிய பம்பர், ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல், எடுத்த நேரத்தோடு இருந்தது.

"இதை ஏங்க நீங்க அனுப்பல?"

"சாய்ஞ்சிருந்தது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இருபது வருஷ மாணவர்கள் அறிவார்கள்.

நாலு நாளில் க்ளெய்ம் ஏற்கப்பட்டது. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம், அது இது என்று கழித்துக் கொடுத்தார்கள். எதற்கு எவ்வளவு போயிற்று என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். எனக்குப் புரிந்தது போலத் தலையாட்டினேன்.

வண்டி தயாரானதும் இருவரும் பஸ்ஸில் திண்டிவனம் போனோம். ஒர்க்‌ஷாப்காரர் பழக்கதோஷத்தில் சாவியை என்னிடம் நீட்டினார். அவள் குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். ஸ்டார்ட் செய்துவிட்டு இரண்டு பக்கக் கண்ணாடியையும் சரிபார்த்தாள். பார்த்து, மெதுவா, லெஃப்ட்ல ஒடிக்காதே என்று யோசனைகள் என் நாக்கு நுனிவரை வரிசை கட்டி நின்றன.

"இன்னா, ஒண்ணும் சொல்லலையா?" என்றாள்.

"இல்ல."

விழுப்புரம்வரை நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினாள். நானும் வாயைத் திறக்கவில்லை.