லாசரஸ் சாரின் முதுகுக்கு ஒரு திண்டு

என் பெயர் டெனிஸ். கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோட்டில் கோட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். கத்தரி பிடிக்கிறவனுக்குக் கொஞ்சமாவது கோபம் இருக்க வேண்டும். ஆனால் என்னையே என் கடையில் வைத்து அதட்டுகிற ஒருத்தி உண்டு. அவள் பெயர் கங்கம்மா. தைத்த துணிக்கு அயர்ன் போடுவது அவள் வேலை. இந்தக் கதை அவளைப் பற்றியது.

'அயர்ன் போடுகிறவள்' என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்தால் தொலைந்தேன். "நான் இன்னா தெரு முனையில வண்டி போட்டுக்கினு கீறனா மாஸ்டர்? நான் பிரஸ்ஸர்!" என்பாள். தாம்பரம் சானடோரியம் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பல வருஷம் ஜாக்கெட், கோட் என்று வெளிநாட்டு உருப்படிகளுக்கு ஆவி காட்டியவள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூட்டுத் தழும்புகள். அந்தக் கம்பெனியை மூடியபோது பெருங்களத்தூரிலிருந்து பஸ் ஏறி நேராக என் கடைக்கு வந்தாள். வந்ததும் வேலை கேட்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த பேன்ட் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாஸ்டர், சைடு தையலு இப்டிப் பல்ல இளிக்குது? தச்சவன் சரியாத்தான் தச்சிகீறான், அமுக்குனவன் சொதப்பிட்டான்" என்றாள். அமுக்கியவன் நான். வந்த கோபத்தில் மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அவள் வந்த அன்று கைப்பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பலாக்கொட்டையைப் பெரிதாக்கி வைத்த மாதிரி ஒரு கெட்டித் தலையணை. ஒரு பக்கம் காடாத் துணி, மறுபக்கம் கம்பளித் துணி, உள்ளே மரத்தூள் கல் மாதிரி அடைத்திருந்தது. கம்பெனியில் அதை 'ஹாம்' என்பார்களாம். அவளுக்கு அது திண்டு. "மன்சன் ஒடம்பு இன்னா பலகையா மாஸ்டர்? மாருக்கு ஒரு வளைவு, இடுப்புக்கு ஒரு வளைவு. வளைவா தச்சத பலகை மேல போட்டு அமுக்குனா, தச்சதே வேஸ்ட்டு" என்றாள். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களோடு குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் லாசரஸ் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் முதுகெலும்பில் வந்த டிபி அவர் முதுகை வளைத்துவிட்டுப் போயிருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு புடைப்பு. கடைக்குள் வந்தவர் சுவரில் சாய்ந்துதான் நின்றார். பேசியதெல்லாம் அவர் மகள் அபிகாயில். "மாஸ்டர், சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். சர்ச்ல அப்பாதான் என்னைக் கூட்டிட்டு நடக்கணும். மாட்டேங்கிறார். சித்தப்பா நடக்கட்டும்ங்கிறார். அப்பாவுக்குப் பொருந்துற மாதிரி ஒரு கோட் தைச்சுக் குடுங்க, அப்புறம் என்ன சொல்றார்னு பாக்குறேன்."

"ஜனமெல்லாம் பின்னாலேர்ந்து பாக்கும்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. மணப்பெண்ணின் அப்பா பீடத்தை நோக்கி நடக்கும்போது சபை முழுக்க அவர் முதுகைத்தான் பார்க்கும். அந்த மனுஷர் கோட்டே போட்டதில்லையாம். இருந்தும் என் தொழில் திமிர் விடவில்லை. "நான் பாத்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டேன்.

வெட்டியதில் எனக்குக் குறையில்லை. கம்பளி கலந்த நல்ல துணி. முதுகின் நடுவில் மேலிருந்து கீழே ஓடும் தையலை அவர் புடைப்புக்கு ஏற்ப வளைத்து வெட்டினேன். இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டேன். தைத்தது ரவி. நல்ல பையன், வேகமான கை, ஆனால் சுடிதார் கடையிலிருந்து வந்தவன். சுடிதாரில் பிசிறு வராமல் இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஓவர்லாக் தையல் அடித்து ஒரு பக்கமாகச் சாய்த்து அமுக்குவார்கள். அது அங்கே சரி. அன்று கங்கம்மா லீவு. ரவி பழக்க தோஷத்தில் கோட்டு முதுகையும் அப்படியே அடித்து, தட்டை மேஜையில் போட்டு, அயர்னை இழுத்து இழுத்துத் தேய்த்து வைத்துவிட்டான். நானும் பார்க்கவில்லை.

டிரையலுக்கு அவருக்குப் போட்டுவிட்டேன். கழுத்துப் பட்டி பின்னங்கழுத்தை விட்டு எட்டி நின்றது. நடுத் தையல் ஒரு பக்கம் கனத்து, சரியாகப் புடைப்பின் மேல் கயிறு வைத்த மாதிரி ஒரு வரி. மறைக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தோம். லாசரஸ் சார் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓரக்கண்ணால் பார்த்தார். கோட்டைக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்தார்.

"விடுங்க மாஸ்டர். உங்க மேல தப்பு இல்ல. என் தம்பி நடக்கட்டும்."

அபிகாயில் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் கங்கம்மா சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தாள். கோட்டைப் பிடுங்கி உள்பக்கம் புரட்டினாள். "அட கஸ்மாலமே! எவன்டா இத ஒரு பக்கமா சாச்சது? முதுகுத் தையலு புஸ்தகம் மாதிரி ரெண்டு பக்கமும் பிரிஞ்சி படுக்கணும்டா! கை வைக்கிற எடத்துல கைப்பக்கம் சாய்ப்பாங்க, சரி. முதுகுல சாச்சா ஒரு பக்கம் மூணு அடுக்கு துணி சேர்ந்துக்காது?" ரவி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவள் லாசரஸ் சார் பக்கம் திரும்பினாள். "சார், கொஞ்சம் திரும்பி நில்லு."

"எதுக்கும்மா?"

"ஒன் முதுக நான் பாக்கணும். கண்ணால இல்ல, கையால."

நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த மனுஷர் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால் கங்கம்மாவை மறுத்துப் பேசுவது அவ்வளவு லேசில்லை. திரும்பி நின்றார். அவள் கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முதுகின் மேல் வைத்தாள். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், அவசரமே இல்லாமல். வாயாடிப் பெண் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவர் தோள்கள் முதலில் விறைத்திருந்தன. மெல்ல இறங்கின.

"நாளைக்கு வா சார். மறைக்க முடியாது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோட்ட ஒன் முதுகுல ஒக்கார வப்பேன்" என்றாள்.

அவள் பழைய திண்டு அந்த முதுகுக்கு ஒத்துவரவில்லை. ரவியை மரக்கடைக்கு விரட்டி மரத்தூள் வாங்கிவரச் செய்தாள். சலித்தாள். கம்பளித் துண்டையும் காடாவையும் வெட்டித் தைத்து, கைப்பிடி கைப்பிடியாகத் தூளைப் போட்டு, மரக்கட்டையால் இடித்து இடித்து அடைத்தாள். அவ்வப்போது கண்ணை மூடிக்கொண்டு அதைத் தடவினாள். தலையை ஆட்டினாள். பிரித்தாள், மறுபடி அடைத்தாள். கடைசியில் அதை மேஜைமேல் வைத்தாள். அளவு டேப்பைத் தொடவே இல்லை அவள். மேஜையில் லாசரஸ் சாரின் முதுகு இருந்தது.

பிறகு ஓவர்லாக்கைப் பிரித்தாள். ஓவர்லாக் மெஷினில் இருக்கிற கத்தி ஓரத்தைக் கொஞ்சம் தின்றிருந்தது. நல்லவேளை, நான் தாராளமாக விட்டது காப்பாற்றியது. முதுகைத் திண்டின் மேல் உள்பக்கம் தெரியப் பரப்பி, தையலை விரலால் பிரித்தாள். புடைப்பு வருகிற இடத்தில் ஓரத்துணி மிஞ்சி அலை அலையாக நின்றது. கீழே இடுப்புக் குழிவில் அதே ஓரம் பற்றாமல் இழுத்தது. இழுத்த இடத்தில் தையலைத் தொடாமல் குட்டிக் குட்டியாக வெட்டு கொடுத்தாள். ஓரத்துக்கு அடியில் காகிதப் பட்டை செருகினாள், தடம் வெளியே தெரியாமல் இருக்க. ஈரக் காடாவை மேலே போட்டு அயர்னை வைத்தாள். இழுக்கவில்லை. வைத்தாள், எடுத்தாள். நகர்த்தினாள், வைத்தாள், எடுத்தாள். "தேய்க்கிறது வேற மாஸ்டர், அமுக்குறது வேற" என்றாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. உடனே மரக்கட்டையை மேலே வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கட்டையை எடுத்தபோது அலைகள் இல்லை. அந்த இடத்தில் கத்தரி படவில்லை, ஊசி படவில்லை. மிஞ்சிய துணி ஆவியில் சுருங்கித் தனக்குள்ளேயே போய்விட்டிருந்தது. நானும் எத்தனையோ கோட் தைத்தவன்தான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெறும் பாலியஸ்டராக இருந்தால் இப்படி அடங்கியிருக்காது. கம்பளி, பேச்சைக் கேட்டது. எடுக்கக் கை நீட்டினேன். கையிலேயே ஒன்று போட்டாள். "ஆறட்டும்! சூட்டோட தூக்குனா எல்லாம் மறந்துடும்."

ஆறிய பிறகு தூக்கிக் காட்டினாள். துணி அந்த வளைவோடு அப்படியே நின்றது. உள்ளே ஆளே இல்லை, ஆனாலும் அது ஒருவரின் முதுகு. ஆண்டவரே என்று என்னை அறியாமல் சொன்னேன். "கூவாத மாஸ்டர், லைனிங் போடு" என்றாள்.

மறுநாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். கோட்டை நானே போட்டுவிட்டேன். கழுத்துப் பட்டி கழுத்தோடு படிந்தது. அபிகாயில் உள்ளங்கையால் அவர் முதுகைத் தடவிப் பார்த்தாள். ஒரு வரி, ஒரு மடிப்பு தட்டவில்லை. "அப்பா, பாருங்கப்பா" என்றாள். அவர் கண்ணாடி பக்கமே திரும்பவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது என்னம்மா?"

கங்கம்மாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "ஒன் முதுகு சார். அது மேலதான் இந்தக் கோட்டப் போட்டு அமுக்குனேன்."

ஐயோ, இவள் வாயைத் தைக்க நூல் இல்லையே என்று நான் பதறினேன். அவர் மேஜைக்குப் போனார். திண்டை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அந்தப் புடைப்பை விரல்களால் ஒருமுறை, மறுபடி ஒருமுறை தடவினார். ரவி மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"இவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் சார்" என்றாள் கங்கம்மா.

"நான் வேற மாதிரி நெனச்சிருந்தேம்மா. பெருசா. ரொம்பப் பெருசா." திண்டைப் பத்திரமாக வைத்துவிட்டு, எதிரெதிரே இருந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவே போய் நின்று, தன் முதுகைத் தானே நிதானமாகப் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"சனிக்கிழமை எந்தக் கையைப் பிடிச்சுட்டு நடக்கணும் பாப்பா? வலதா, இடதா?"

அபிகாயில் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.