சாம்பிராணியும் சிகரெட்டும் மணந்த அறை

சட்டையைப் போடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பேன்... கல்லூரி நாட்களில் காலையில் என் முதல் வேலை அதுதான். துவைத்து மடித்து வைத்த சட்டையிலும் சிகரெட் வாடை இருக்கும். அதற்கு மேல் சாம்பிராணி வாடை வேறு.

திருச்செங்கோட்டுப் பக்கம் கல்லூரி. மாடியில் ஒற்றை அறை, ஒரே ஜன்னல். வாழப்பாடிக்காரன் நானும், மல்லசமுத்திரத்துக்காரன் பூபதியும் அங்கே குடியிருந்தோம். பூபதியின் அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். பிளஸ் டூ லீவில் அந்த வண்டியோடு வடக்கே போன பயல், வேலையாட்களோடு உட்கார்ந்து சிகரெட் பழகிக்கொண்டு வந்துவிட்டான்.

தங்கமானவன்தான். ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கி வந்தால் எனக்குத்தான் முதல் பங்கு. ஆனால் பல் விளக்குவதற்கு முன்பே ஜன்னலோரம் நின்று பற்றவைப்பான். புகை வெளியே போகிறதாம்! வீசுகிற காற்று அதை அப்படியே என் கட்டிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கீழே குடியிருக்கும் ஓனருக்குத் தெரியக் கூடாதென்று உடனே சாம்பிராணி கொளுத்துவான். எனக்கோ சின்ன வயதிலிருந்து வீசிங். இரண்டு புகையும் சேர்ந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

ஓனரிடம் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே அவன் பெட்டி தெருவில் கிடக்கும். அவனிடமே சொல்லலாமென்றால், கோபம் வந்தால் எனக்கு மூச்சு வாங்கும், பேச்சு வராது. மூச்சும் வேண்டும், பூபதியும் வேண்டும்... என்ன செய்வது?

கடைசியில் ரெக்கார்டு நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினேன்.

"பூபதி, உன்னை யார்கிட்டயும் போட்டுக் கொடுக்க மாட்டேன். ஆனா ரூமுக்குள்ள வேணாம்டா. ஜன்னல்கிட்ட நின்னாலும் புகை உள்ளதான் வருது, போர்வையில ஒட்டிக்குது. சாம்பிராணியும் புகைதான். என்னால ராத்திரி படுக்க முடியல. மொட்டை மாடிக்குப் போய்ப் பிடி. எப்பவாச்சும் விட்டுடணும்னு தோணினா சொல்லு. ஆஸ்பத்திரிக்குக் கூட வரேன். நீ எரிஞ்சு விழுந்தாலும் பதிலுக்கு எரிஞ்சு விழ மாட்டேன்."

ரப்பர் பேண்டு போட்டு சிகரெட் பாக்கெட்டோடு கட்டி வைத்தேன்.

அன்றைக்கு ராத்திரி தாளைப் படித்தவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். போச்சு, நட்பே போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் கீழே வந்தான். கண் சிவந்திருந்தது.

"ஏன் மாப்ள, வாயில சொன்னா ஆகாதா? சாம்பராணி போட்டா எல்லாம் போயிருமுன்னல்லோ நெனச்சேன். நீ இருமுறத சளின்னு நெனச்சு, உனக்காவும்தானப்பா சேத்திப் போட்டேன்!"

அட கிறுக்கா! எனக்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்து எனக்கே புகை போட்டிருக்கிறான்... சிரித்துச் சிரித்து மூச்சு இரைத்து, எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் இன்ஹேலரை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றே இரண்டு பேரும் போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் ஊறப்போட்டோம்.

ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மொட்டை மாடி ஏறி இறங்கியே அலுத்தானோ என்னவோ, கொஞ்ச நாளில் அவனாகவே "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் கேட்டது, "எந்திரிச்சதும் எவ்வளவு நேரத்துல பத்த வைக்கிறீங்க?" என்றுதான். இவன் தலையைக் குனிந்துகொண்டு, "பல்லு வெளக்கறக்கு முன்னாலயேங்க" என்றான். அப்படியானால் பழக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது என்று சிகரெட்டுக்குப் பதிலாக மெல்ல, கொஞ்சம் வீரியமான நிக்கோட்டின் கம் எழுதினார். எந்த நாளிலிருந்து விடுவது என்று அங்கேயே முடிவு செய்யச் சொன்னார். ஆசை வந்தால் சில நிமிடம் தள்ளிப் போட்டால் போதும், அலை தானாக இறங்கும் என்றார்.

பூபதி அந்த கம்மை பபுள்கம் மாதிரி மென்று, மேலே டீயையும் குடித்தான். விக்கல், குமட்டல்! "மண்டை கிர்ருங்குது மாப்ள" என்று உட்கார்ந்துவிட்டான். மெல்ல மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும், டீயோடு சேர்க்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவன் எங்கே கேட்டான்!

டீக்கடைக்குப் போனாலே கை பாக்கெட்டைத் தேடியது. அதனால் சாயங்காலம் கரும்புச்சாறு வண்டிக்கு மாறினோம். முதல் வாரம் கடுகு மாதிரி வெடித்தான். சோற்றில் உப்பு இல்லையென்றால்கூட நான்தான் காரணம். எழுதிக் கொடுத்துவிட்டேனே... வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் லீவில்தான் சோதனை வந்தது. வடக்கே போன ரிக் வண்டி ஊர் திரும்பினால் பூசை போட்டு, வேலையாட்களுக்கு விருந்து வைப்பார்கள். முதலாளி மகனுக்கு அவர்கள் ஆசையாக நீட்டும் சிகரெட்டை மறுத்தால் மனம் கோணுவார்கள். வாழப்பாடியில் இருந்த எனக்கு போன் வந்தது.

"கம்ப்ரஸர் வண்டிக்குப் பின்னால நிக்கறேன். ரெண்டு இழுப்பு இழுத்துப் போட்டேன் மாப்ள... எல்லாம் போச்சு." அழுகிற குரல்.

"ஒண்ணும் போகலடா. மிச்சத்தக் கீழ போட்டு மிதி. மிதிச்சியா?"

"மிதிச்சிட்டேன். நீ பேசிட்டே இரு."

பேசினேன். மெஸ் உப்புமா, அரியர் பேப்பர், எங்கள் வீட்டு எருமை ஈன்றது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். ஒரு கட்டத்தில் பெருமூச்சு கேட்டது. "போதும் மாப்ள, இறங்கிருச்சு. சோறு உங்கப் போறேன்" என்றான். போனை வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு இத்தனை வருடமாக அவன் தொடவில்லை.

போன வாரம் மல்லசமுத்திரம் போயிருந்தேன். வழியில் நல்ல மழை, தொப்பலாக நனைந்துவிட்டேன். பூபதி தன் சட்டையைக் கொடுத்தான். பழக்க தோஷம், என்னையறியாமல் முகர்ந்து பார்த்தேன்.

"ஏனுங்க மாமா மோந்து பாக்கறீங்க?" என்றாள் அவன் மகள்.

பூபதி விழுந்து விழுந்து சிரித்தான். "அது ஒண்ணுமில்ல சாமி, மாமனுக்குப் பழைய சந்தேகம்... என்ன மாப்ள, என்ன வாசம் வருது?"

"சோப்புடா."

அன்றைக்கு ஒற்றை ஜன்னல் அறையில் மூச்சுக்குத் தவித்த நான், இன்றைக்கு பூபதியின் சட்டையை மாட்டிக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்து விட்டேன். இன்ஹேலர் என்னுடைய நனைந்த சட்டைப் பையிலேயே கிடந்தது. அதைத் தேடவே இல்லை.