தட்டோரத்துத் தோல்

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கோழி என்றாகிவிட்டது. அதற்கும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு நிபந்தனை போட்டார்கள். தோல் கூடாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கொழுப்பு இறங்காவிட்டால் வெள்ளிக்கிழமைக் கோழியும் கிடையாது. துபாய் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியபோதுகூட மனிதர் இவ்வளவு கலங்கவில்லை.

காரில் வரும்போதே வழி கண்டுபிடித்துவிட்டார்.

"தோலத் திங்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? ஆக்கக் கூடாதுன்னு சொல்லலையே. தோலோடயே ஆக்கு. திங்கிறப்ப நான் எடுத்து ஓரமா வச்சுடறேன். தோல் இல்லாட்டி கறி சக்கையால்ல இருக்கும்!"

நானும் உடனே சரி என்றுவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. எனக்குக் கோழித்தோல் என்றால் உயிர்.

கடையில் தோல் வேண்டாம் என்றால் இறகோடு சேர்த்து ஒரே இழுப்பில் உரித்துக் கொடுத்துவிடுவார்கள். தோலோடு வேண்டுமென்றால் வெந்நீரில் முக்கி, மெஷினில் போட்டு இறகு எடுக்க வேண்டும். "உரிச்சே வாங்கிட்டுப் போங்களேன்க்கா, சீக்கிரம் போயிடலாம்" என்பார் கடைக்காரர். நான் எவ்வளவு நேரமானாலும் நின்று தோலோடுதான் வாங்கி வருவேன்.

ஆறு வெள்ளிக்கிழமை இப்படியே நல்லபடியாகப் போனது. அவர் குழம்பிலிருந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைப்பார். பிறகு "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்பார். மூன்று முறை ஊற்றுவேன். தட்டைக் கழுவுகிறேன் என்று எடுத்துப் போய், அடுப்படியில் நின்றபடியே ஓரத்துத் தோலையெல்லாம் தின்று முடிப்பேன்.

ஏழாவது வெள்ளிக்கிழமை சமைத்து முடித்த பிறகு ஒரு கல்யாண விருந்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. சமைத்த குழம்பு அப்படியே மிஞ்சி, ஃப்ரிட்ஜுக்குள் போனது. மறுநாள் காலை மூடியைத் திறந்தேன். குழம்பைக் காணோம். மேலே மஞ்சளாக, வெண்ணெய் போல ஒரு படலம் மூடிக் கிடந்தது. நான் ஊற்றிய எண்ணெய் இரண்டே கரண்டி. வழித்தெடுத்தால் ஒரு கிண்ணம் வந்தது. ஆறு வாரமாக என் கையால்தானே இதை ஊற்றியிருக்கிறேன்?

கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நான் ஒரு துண்டு தோல் தின்னிருந்தா கேளு!" என்று எகிறினார்.

"திங்கலங்க. கரைச்சுக் குடிச்சிருக்கீங்க!"

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்கு அப்போதே போன் போட்டோம். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"கோழிக்குக் கொழுப்பு முக்கால்வாசி தோல்லயும் தோலுக்கு அடியிலயும்தாம்மா இருக்கும். நெஞ்சுக்கறியத் தோலோட தின்னா கொழுப்பு ரெண்டு மடங்குன்னு வச்சுக்கங்க. குழம்புன்னா முன்னாடியே உரிச்சுடுங்க, உருகிக் குழம்புலதான் நிக்கும். சுடுறதா இருந்தா தோலோட சுட்டுட்டு அப்புறம் எடுக்கலாம். கொழுப்பு கீழ வடிஞ்சுடும், கறிக்குள்ள பெருசா இறங்காது. ஈரப்பதமும் போகாது."

"பாத்தியா, நான் சொன்னது பாதி சரி" என்றார் இவர். அந்த நிலையிலும் ஜெயிக்க வேண்டும் மனிதருக்கு!

அன்றிலிருந்து குழம்புக்கு உரித்த கோழி. ஆசைப்பட்ட வாரம், அவர் துபாயிலிருந்து கொண்டு வந்த ஓவனில் தோலோடு தொடை. தோலோடு மசாலாவும் போய்விடுமே என்று, தோலுக்கு அடியில் விரலை விட்டுக் கறிமேல் தடவப் பழகிக்கொண்டேன். கம்பிக்குக் கீழே இருக்கும் தட்டில் கொழுப்பு சொட்டுச் சொட்டாக விழுவதை இருவரும் குனிந்து பார்ப்போம். வெந்ததும் அவர் தோலை உரிப்பார். மொறுமொறுவென்ற அந்தத் தோல் முன்னைவிட ருசி. அதுவும் எனக்குத்தான்.

ரத்தம் கொடுக்கப் போன அன்று, "இவளுக்கும் எடுங்க" என்று பிடிவாதமாக என்னையும் உட்கார வைத்துவிட்டார். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அவருக்குக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை பிழைத்தது. எனக்குத்தான் கொழுப்பு அவரைவிட அதிகம்.

அந்த வெள்ளிக்கிழமை தொடையைச் சுட்டேன். அவர் வழக்கம்போலத் தோலை உரித்தார். நான் தட்டுக்குக் கை நீட்டினேன். அவர் தட்டோடு எழுந்து கொல்லைக்குப் போய், மதில்மேல் உட்கார்ந்திருந்த பூனைக்குப் போட்டுவிட்டு வந்தார்.

"அடுப்படியில நின்னு தின்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஆசையாத் திங்கிறியேன்னு விட்டேன். இனிமே வேணாம்மா. நான் மட்டும் நல்லாருந்து என்ன பண்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூனைமேல் கோபமும் வந்தது.