சம்பளத்தில் ஒரு வேன்

என் மனைவி லிஃப்ட் மெக்கானிக். பார்ப்பது சின்ன கம்பெனியில் பெரிய வேலை. ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுகள் அவள் தலையில்தான். எங்காவது ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் இங்கே எங்கள் வீட்டில் போன் அடிக்கும். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போவாள். கட்டிடக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் லிஃப்டம்மா. நான் வைத்த பெயர் கேள்விக்கொத்து.

அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. டாக்டர் மாத்திரை எழுதினால் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வீட்டுக்காரர் பராமரிப்புக் கட்டணம் என்றால், எதைப் பராமரித்தீர்கள் என்பாள். நான் பஸ் டிரைவர். காலையிலிருந்து மாலைவரை 'இது அங்கே போகுமா, அங்கே நிற்குமா' என்று கேள்விகளிலேயே வாழ்கிறவன். வீட்டிலாவது நாலு பதில் கிடைக்காதா என்று பார்த்தால் அங்கேயும் கேள்விதான்.

அவளுக்குப் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அலுவலகங்கள் நிறைந்த உயரமான ஒரே கட்டிடம். அங்கேயே ஷிப்டில் இருந்து லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டால் போதும். ஊர் சுற்ற வேண்டாம், ஓடிப்போகும் அழைப்பு இல்லை. நேர்முகத் தேர்வு முடிந்து வந்த நாள் அவள் முகத்தில் இருந்த ஆசையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

சம்பள விவரத்தோடு மெயில் வந்தபோது அடியில் இருந்த மொத்தத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாசம் கையில எவ்வளவு வரும்னு இதுல எங்க போட்டிருக்கு?"

"பன்னெண்டால வகுத்தா வந்துட்டுப் போகுது."

"வராது. இங்க பாருங்க. என் பேர்ல கம்பெனி கட்டற சேமநிதி இதுக்குள்ளயே இருக்கு. அது நான் ரிட்டையர் ஆகும்போதுதான். இன்ஷூரன்ஸ் பிரீமியமும் இதுலதான். சேரும்போது தர போனஸ் ஒரே ஒரு தடவை, அதுவும் வருஷத்துக்குள்ள விட்டுட்டுப் போனா திருப்பித் தரணும். அவசர அழைப்புக்குன்னு ஒரு தொகை, 'எதிர்பார்க்கப்படும்'னு போட்டிருக்காங்க. யார் எதிர்பார்க்கறாங்க? எல்லாத்தையும் தள்ளினா இப்ப வாங்கறதைவிடக் கம்மி. கம்மியா வாங்கிட்டு வாடகை எப்படிக் குடுக்கறது?"

இதையெல்லாம் மெயில் அனுப்பிய எச்.ஆர். மேடத்துக்கே எழுதிக் கேட்கப்போகிறேன் என்றாள்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து கேட்டிருக்காங்க. கோபத்துல வேற ஆளை எடுத்துட்டா?"

"தானமா? ரெண்டு கையும் கிரீஸாக்கி வேலை பாக்கப்போறேன். பல்லையும் பார்ப்பேன், வாலையும் பார்ப்பேன்."

எழுதினாள். முகம் சுளிக்கும்படி ஒரு சொல் இல்லை, குழைந்து நிற்கும் சொல்லும் இல்லை. ஒரு பகுதி இப்படி இருந்தது:

"இந்த வேலையில் சேர மிகவும் விரும்புகிறேன். முடிவு செய்யும் முன் சில விளக்கங்கள் தேவை. மொத்தத் தொகையில் மாதந்தோறும் என் கைக்கு வருவது எது, வராதது எது? அவசர அழைப்புத் தொகை நிச்சயமானதா, அழைப்பு வந்தால் மட்டுமா? மருத்துவக் காப்பீட்டில் என் கணவரும் உண்டா? சர்வீஸ் வேனின் மதிப்பு என்று ஒரு வரி உள்ளது. நான் ஒரே கட்டிடத்தில் வேலை செய்யப்போகிறேன். அந்த வேனை எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு ஓட்ட வேண்டும் என்று தெரிவித்தால் நன்று."

கடைசி வரியை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்கிறேன் என்றாள். அதற்குக் கீழே இன்னும் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. எக்கேடோ கெடட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அந்த வேன்தான் என் கண்ணில் வந்தது. வியாழக்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். போகிற வழியில் அவளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனேன். பழைய அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறத் தயாராகிக்கொண்டிருந்தாள். அந்த வேலையில் கவனம் சிதறக்கூடாது என்று போனை வெளியிலேயே விட்டுவிடுவாள். அன்று என் கையில் கொடுத்துவிட்டு, துணை ஆளோடு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அது அடித்தது. எச்.ஆர். மேடம்.

எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்துவிட்டேன். "மேடம், நான் அவங்க வீட்டுக்காரர். அவ எழுதினதை மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடுவா."

"ஐயோ, போட வேண்டாம் சார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தத் தாள்ல கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லிடுங்க. மெயில் பண்றேன். இப்ப மீட்டிங் கூப்பிடறாங்க." வைத்துவிட்டார்.

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போச்சு. அவள் ஆசையும் போச்சு. அவள் வெளியே வந்தாள். ஒருவழியாகச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "கேக்காம சேர்ந்து, மாசக் கடைசியில அழறதுக்கு இது மேல்" என்றாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை.

நான் கிளம்பும் முன்பே மெயில் வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து படித்தாள். எட்டிப் பார்த்த எனக்கு முதலில் தெரிந்தது அடியில் இருந்த மொத்தம். குறைந்திருந்தது, அதுவும் நன்றாகவே.

"பாத்தியா, கேட்டதுக்குத் தண்டனை. குறைச்சுட்டாங்க."

அவள் சிரித்தாள். முதலில் மெல்ல, பிறகு படிக்கட்டே அதிரும்படி. மேடம் எழுதியிருந்தது இதுதான்: ஊர் சுற்றும் மெக்கானிக்குகளுக்கான படிவத்தைத் தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன். கட்டிடத்திலேயே இருப்பவருக்கு வேனும் இல்லை, அவசர அழைப்புத் தொகையும் இல்லை. அதற்குப் பதில் மாதந்தோறும் நிச்சயமான ஷிப்ட் படி உண்டு. காப்பீட்டில் கணவரும் உண்டு. இனி எல்லோருக்கும் 'கைக்கு எப்போது வரும்' என்று ஒரு பத்தி சேர்த்தே அனுப்பப்போகிறேன், அது நீங்கள் கேட்டதால்.

"வேன் போயிடுச்சு, மொத்தம் இறங்கிடுச்சு. படி வந்துடுச்சு, மாசம் ஏறிடுச்சு. இப்ப வாங்கறதைவிட அதிகம். வேனை வெச்சு வாடகை குடுக்க முடியுமா?" என்றாள்.

எனக்கு டிப்போவில் இனி எந்தத் தொகையைச் சொல்வது என்ற கவலை. ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் விரலை நகர்த்திக் கடைசி வரிக்கு வந்து, போனை என்னிடம் நீட்டினாள்.

'வார விடுமுறை: புதன்கிழமை. நீங்கள் கேட்டுக்கொண்டபடி.'

"புதன் எதுக்குடி கேட்ட? ஞாயிறு கேட்டிருக்கலாமே."

"உங்களுக்கு என்னிக்கு லீவு?" என்றாள்.

எனக்கும் புதன்கிழமைதான். கேள்விக்கொத்து அன்று கேட்ட கேள்விக்குள்ளேயே பதிலும் இருந்தது.