விதைத்ததே தெரியாத வயல்

கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும் என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த மாசி மாதம் சண்டையைத் தொடங்கியது அவள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவின் ஆசிரியை. அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊர் அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அத்தான் பம்பாயில் வேலை பார்த்தார். வயலைப் பார்ப்பதெல்லாம் அக்காதான். தாமிரபரணிக் கால்வாயின் கடைமடையில் கிடந்தது அந்த வயல். மேலே இருக்கிறவர்கள் குடித்து மிச்சம் வந்தால்தான் இங்கே தண்ணீர். ஆனியில் தொடங்கும் கார் சாகுபடி என்பதையே அவள் மறந்து பல வருடமாயிற்று. ஐப்பசியில் நடும் பிசானத்தில் ஒரு நெல், பிறகு மண் வெடித்துக் கிடக்கும். இரண்டு வருடமாக அந்த நெல்லும் சவலையாகத்தான் வந்தது.

நான் போன அன்று ஒரு சூளைக்காரர் வரப்பில் நின்று கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். செங்கலுக்கு நல்ல களிமண் என்று அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நெல் அறுத்ததும் மேலாக ஒரு முழம் மண்ணை வெட்டி எடுத்துக்கொள்வார், வயல் அக்காவிடமே இருக்கும், இதுதான் பேச்சு.

"மேல்மண்ணு போயிட்டா அப்புறம் அது வயலாக்கா? பள்ளம்!" என்று நான் கத்தினேன்.

"நீ பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கிய, நான் இங்கன மண்ணோட மல்லுக்கு நிக்கேன். உழுது உழுது என்னத்தக் கண்டேன்? வெளையாத மண்ணு வீட்டுச் செவரா ஆனாத்தான் என்ன?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இந்தக் கோடையில் உழவே இல்லாமல் அதே வயலில் உளுந்து எடுத்துக் காட்டுகிறேன், முடியவில்லை என்றால் சூளைக்கே கொடு என்று. அக்காவும் விடவில்லை. "உளுந்து எடுத்து ஒதுங்குற வரைக்கும் பொறுக்கேன். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்றாள். சூளைக்காரரும் சரியென்று போனார். அவருக்கு என்ன அவசரம், மண் எங்கே ஓடிவிடப் போகிறது.

மறுநாளே பதினோராம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றேன். பள்ளிக்கூடத்துப் பின்புறம் கத்தரிப் பாத்தி போட்டே சலித்துப் போயிருந்த பிள்ளைகள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரே கும்மாளம். கதிர் முற்றிய நெல் நின்றது, அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம்போல இருந்தது. தண்ணீரை முன்னமே வடித்தாயிற்று. கால் புதையாமல் தடம் மட்டும் பதிகிற பதம். அந்தப் பதம் தப்பினால் இந்தக் காரியமே கிடையாது. ஈரம் அதிகமானால் விதை அழுகும், காய்ந்துவிட்டால் முளைக்காது. நுண்ணுயிர் உரத்தைக் கஞ்சியில் கலந்து உளுந்தில் பிசறி, நிழலில் உலர்த்திக் கொண்டு வந்திருந்தோம். நிற்கிற நெல்லுக்குள்ளேயே நடந்து கைவீச்சாக விதைத்தார்கள்.

"டீச்சர், உழாம வெதைச்சா சோம்பேறி வெவசாயம்னு எங்க அப்பா சிரிக்காவ" என்றாள் ஒரு மாணவி.

"சிரிக்கட்டும். நெல் வேர் போன வழியெல்லாம் மண்ணுக்குள்ள துளையா இருக்கு. மண்புழு போட்ட துளையும் இருக்கு. காத்தும் தண்ணியும் அது வழியாத்தான் இறங்கும். ஏரை விட்டுப் புரட்டினா அத்தனையும் கலைஞ்சிரும், உள்ள இருக்க ஈரமும் வெயில்ல ஆவியாயிரும். அதனால மண்ணை முடிஞ்ச மட்டும் கிளறாத. இது முதல் விஷயம்."

"ரெண்டாவது?"

"அறுத்த தாளையும் வைக்கோலையும் மண்ணு மேலயே போர்வையாக் கெடக்க விடணும். வெயில் நேரா மண்ணுல படாது, மழை அடிச்சாலும் கரையாது, களையும் குறையும், மக்கி மண்ணாவும் ஆகும். மூணாவது, ஒரே பயிரையே திரும்பத் திரும்பப் போடாத. நெல்லு, அப்புறம் பயறு. நெல்லோட பூச்சிக்கும் நோய்க்கும் இடையில சோறு கெடைக்காது. உளுந்து வேர்முடிச்சு காத்துல இருக்க தழைச்சத்தை இழுத்து வச்சுக்கும், வேரு மக்குனா மண்ணுக்கும் கொஞ்சம் மிஞ்சும்."

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் உண்டு, பாதுகாப்பு வேளாண்மை என்று. அந்தப் பெயரை நான் படித்தது பிற்பாடு. அந்த வருடம் என் கையில் இருந்தது இந்த மூன்று சங்கதியும் கொஞ்சம் வீம்பும்தான். முழுசாகச் செய்தோம் என்றும் பீற்றிக்கொள்ள முடியாது. நெல் நடும்போது அக்கா சேற்றை உழுது தொழி கலக்கித்தான் நட்டிருந்தாள், மண்ணைக் கிளறாமல் விட்டது நெல்லுக்குப் பிந்தின பாதியில் மட்டும்.

அறுப்பு முடிந்தது. தாளை ஒரு சாண் உயரம் விட்டு அறுக்கச் சொன்னேன். வைக்கோலுக்கு அக்கா மறுபடியும் சண்டைக்கு வந்தாள். "என் பசு என்னத்தைத் திங்கும், உன் பாடப் புஸ்தகத்தையா?" நியாயமான கேள்வி. பாதி பசுவுக்கு, பாதி வயலுக்கு என்று ஒப்பந்தமாயிற்று. முளைத்து வரும் செடி மூச்சுத் திணறாதபடி மெல்லிசாக உதறிப் பரப்பினோம். குனிந்து வைக்கோலை விலக்கினால் ஈரிலை விட்ட உளுந்து எட்டிப் பார்க்கும். நிமிர்ந்து பார்த்தால் வெறும் அறுத்த வயல்தான்.

வினை அங்கேதான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வயலுக்குள் ஆடுகள். வருடா வருடம் அறுப்பு முடிந்ததும் மந்தையோடு வந்து, ராத்திரி வயலிலேயே அடைத்துக் கிடை போடுகிறவர், கம்பை ஊன்றி நிம்மதியாக நின்றுகொண்டிருந்தார். கிழக்குப் பாதியில் வைக்கோலும் இல்லை, உளுந்தும் இல்லை. "அடப் பாவி மனுசா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆடுகளே மேற்குப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டன.

அவர் முதலில் திகைத்தார். பிறகு அவருக்கும் சூடேறியது. "டீச்சர், அறுத்துட்டா அடுத்த உழவு விழுத வரைக்கும் வயலு ஊர் ஆடு மாட்டுக்குப் பொது. இது இன்னைக்கு நேத்து வழக்கமா? உழவே காணோம், தாளு நிக்கி. உள்ள வெதை கெடக்குன்னு எனக்கு என்ன கனவா வந்துச்சு?"

அவர் சொன்னது சரிதான். உழுத வயலைப் பார்த்தால் ஆட்டுக்காரர் ஒதுங்கிப் போவார். அந்த ஊரில் உழவுதான் வேலி. உழவை எடுத்த நாங்கள் வேலியையும் சேர்த்து எடுத்துவிட்டோம்.

மனுசன் குனிந்து மேற்குப் பக்கத்து வைக்கோலை விலக்கிப் பார்த்தார். பச்சையாக நின்ற செடிகளைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. போய் வேப்பங்குழை ஒடித்து வந்து, விதைத்த வயல் என்பதற்கு அடையாளமாகக் கம்புகளில் கட்டி நான்கு மூலையிலும் நட்டார். "மத்த மந்தைக்காரங்ககிட்டயும் சொல்லிருதேன். இனி ஒரு ஆடு மிதிக்காது" என்றார்.

அக்கா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாதி போச்சு. சூளைக்காரருக்குச் சொல்லி விட்டுருதேன்ட்டி" என்றாள் மெதுவாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் டீச்சர் அழலாமா என்ன, அழுதேன். "மீதிப் பாதி ஒதுங்கலையே, நீ சொன்ன கெடு அது வரைக்கும்தானே" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வழக்காடினேன். அக்கா மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். சூளைக்காரருக்கு ஆள் மட்டும் அனுப்பவில்லை.

கிழக்குப் பாதியில் குச்சியால் குழி குத்தி மறுபடி விதை ஊன்றினோம். முளைத்தது, ஆனால் ஏங்கி ஏங்கி வளர்ந்தது. பங்குனி வெயில் ஏற ஏற அந்தப் பக்கம் மண் வாய் பிளந்தது. மேற்கே வைக்கோல் போர்வையின் கீழ் மண் ஈரம் காயாமல் கறுப்பாகவே கிடந்தது. எல்லாம் சுளுவாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வைக்கோலுக்குள் எலி குடியேறியது, நெல் தாள் மறுபடி துளிர்த்துச் செடியோடு போட்டி போட்டது, ஏர் ஓடாத வயலில் களை எடுக்க இடுப்பு ஒடிந்தது. லீவு விட்ட பிறகும் பிள்ளைகள் வந்து களை பிடுங்கினார்கள். பூவெடுத்தபோது டிஏபி உரக் கரைசலை வடிகட்டி இலைமேல் தெளித்தோம்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அக்கா தானாக வயலுக்கு வந்தாள். கிழக்குப் பக்கம் வெடிப்புக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. பிறகு மேற்கே வந்து வைக்கோலை விலக்கி மண்ணை ஒரு பிடி அள்ளி அழுத்தினாள். உருண்டையாக நின்றது. அதை உடைத்துப் பார்த்தாள், உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. நான் ஒரு செடியைத் தோண்டி வேர்முடிச்சை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு.

"இதென்ன, ரத்தம் மாதிரி?"

"செவப்பா இருந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"ஆட்டுக்காரன் கெடுத்ததும் நல்லதுக்குத்தான். ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல பாக்க முடியுது" என்றாள்.

சித்திரை முடியும்போது காய் கறுத்தது. சூளைக்காரருக்கு யார் சொன்னார்களோ, ஒதுங்குகிற அன்று காலையிலேயே சைக்கிளில் வந்து வரப்பில் நின்றுவிட்டார். மண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. மேற்குப் பாதி நன்றாகக் காய்த்திருந்தது, கிழக்கே பேருக்குத்தான் இருந்தது.

வேலைக்கு வந்த பெண்கள் வழக்கம்போலச் செடியை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார்கள். உளுந்தை எங்கள் பக்கம் அப்படித்தான் எடுப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டாள்.

"ஏட்டி, பிடுங்காதீய! தரையோட அறுங்க. செடி பசுவுக்கு, காய் நமக்கு, வேரு மண்ணுக்கு!"

சூளைக்காரர் பொறுமையாகக் கேட்டார்: "அப்போ நம்ம பேச்சு என்னாச்சு தாயி? லாரியை எப்ப அனுப்ப?"

அக்கா நிமிர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க எவ்வளவு ஆழம் வெட்டுவிய அண்ணாச்சி?"

"மேலாக்க ஒரு முழம்தான் தாயி."

"அந்த ஒரு முழத்துலதான் எங்க வேரு எல்லாம் கெடக்கு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மறுபடி குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.