பூந்தி படுக்காத லேப்டாப்

கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் செந்தமிழ்ச்செல்வன் லேப்டாப்பைத் திறந்தால் போதும், பூந்தி எங்கிருந்தாலும் வந்து கீபோர்டு மேல் சாய்ந்துவிடும். திமிர் பிடித்த பூனை என்று திட்டுவான். திமிரெல்லாம் இல்லை. அடியில் கதகதவென்று சூடு, மேலே அவன் கை வாசனை, நாள் முழுக்க அவன் பார்வை கிடக்கிற இடமும் அதுதான். பூனை வேறெங்கே போய் உட்காரும்? போதாக்குறைக்குத் திரையின் ஓரத்தில் கன்னத்தைத் தேய்த்துத் தன் வாசனையையும் பூசிவைக்கும்.

மீன் வாங்கிப் போடுபவள் அவன் மனைவி அனுப்பிரியா. பூந்தி ஒட்டிக்கொண்டதோ செல்வனிடம். அவள் பார்த்ததும் வாரியெடுத்துக் கொஞ்சுவாள். பூனை நழுவி ஓடும். இவன் துரத்திப் பிடிப்பதில்லை. ஒரே இடத்தில் அசையாமல் இருப்பான், வந்தால் தடவுவான், போனால் விட்டுவிடுவான். பூனைக்கு அந்த மாதிரி ஆளைத்தான் பிடிக்கும். அனுவுக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

மூன்று மாதத்துக்கு முன் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். வீட்டிலிருந்தே பார்த்துவந்த இவன் வேலையும் போனது. கம்பெனி லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டு, பரணில் செத்துக் கிடந்த பழையதை மேசையில் வைத்தான். அனு சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆபீசுக்குக் காலையில் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவாள். அவள் கிளம்பும்போது அதன் முன்னால் உட்கார்ந்திருந்தால் போதும். கடைசியாகக் கைக்கு வந்த பணத்தைச் சம்பளம் என்று கொடுத்துவந்தான். உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அழுகை முட்டினால் பாத்ரூம். பக்கத்துப் போர்ஷனுக்குக் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவான். உடனே பூந்தி கதவைப் பிறாண்டும். தான் சுற்றிவருகிற வீட்டில் ஒரு கதவு மூடியிருந்தால் பூனைக்குப் பொறுக்காது. உள்ளே வந்துவிட்டாலோ, கையில் போனில்லாமல், எழுந்தும் போகாமல் ஆள் முழுசாகக் கிடைப்பான். அவன் கதவைத் திறப்பான், அது காலில் உரசும். ஆறுதல் சொல்ல வந்ததென்று நம்பினான், பாவம்.

ஐப்பசி மழைக்கு ஒருநாள் லீவு விட்டார்கள். அனு வீட்டில் இருந்தாள். செல்வன் காதில் ஹெட்போன் மாட்டி, "மீட்டிங்" என்று சைகை காட்டினான். பூந்தி மேசையில் ஏறி லேப்டாப்பை முகர்ந்து பார்த்தது. பிறகு இறங்கிப்போய், சூடாக இருந்த செட்டாப் பாக்ஸ் மேல் சுருண்டு படுத்தது.

"என்னா மாமா, லேப்டாப்ப விட்டு எறங்கவே எறங்காதே? இவ்ளோ குளுருல அங்க போயி படுத்திருக்கு?"

"அதுக்கு இன்னிக்கி மூடு சரியில்ல."

அவள் விளையாட்டாகத்தான் லேப்டாப் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

குழாய்ச் சத்தம் கேட்டது. பூந்தி குதித்தோடிக் கதவைப் பிறாண்டியது. பழக்கதோஷம், அவன் கை தானாகத் தாழ்ப்பாளை நீக்கியது. பூனை உள்ளே நுழைந்தது. அதன் பின்னால் அனு நின்றிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா."

அவள் அவனைப் பார்த்தாள், காலை உரசிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்தாள்.

"மூணு மாசமா பூனைக்கு மட்டும் தொறந்து உட்டிருக்கீங்க, மாமா."